நான் கண்டதும் எனக்குச் சொன்னதும்

செந்தூலில் ஒரு பழைய வரிசை வீடு. வரிசையின் கடைசி வீடு. அதை ஒட்டிய மனையில் அடித்தளம் தோண்டி ஓராண்டு ஆகியிருக்கும். முன்னறைச் சுவரில் விரல் நுனி நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். வீட்டுக்கார அம்மா என்னை அதன் முன்னால் நிறுத்தி, “பாத்தாலே தெரியுதே சார், பக்கத்துல குழி தோண்டுனதாலதான். அப்படியே எழுதிக் குடுத்துடுங்க” என்றார். என் பையிலிருந்த வழக்கறிஞரின் கடிதமும் ஏறக்குறைய அதையேதான் கேட்டது: “மேற்படி விரிசல்கள் பக்கத்து மனையில் நடந்த தோண்டுதலால் ஏற்பட்டவை என்பதை உறுதிப்படுத்தி அறிக்கை தரவும்.”

அம்மாவின் கோபம் நியாயமானது. வழக்கறிஞர் தன் கட்சிக்காரருக்காகப் பேச வேண்டியவர்தான். ஆனால் கடிதம் கேட்டபடி எழுதினால் அந்த அறிக்கையால் அம்மாவுக்கும் பயனில்லை, நீதிமன்றத்துக்கும் பயனில்லை. காரணத்தை இந்த வீட்டைக் கொண்டே சொல்கிறேன். பல ஆண்டுகளில் பல வீடுகளில் கண்டவற்றை ஒன்றாக்கி, ஆளும் இடமும் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். எண்கள் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. வேலை நடக்கும் முறை மட்டும் அப்படியே உள்ளது.

கடமை யாருக்கு?

மலேசியாவின் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளில் 40ஏ என்றொரு கட்டளை இருக்கிறது. நிபுணரின் கடமை நீதிமன்றத்துக்கு உதவுவது. அவரை அமர்த்தியவருக்கும் பணம் கொடுப்பவருக்கும் உள்ள கடமையைவிட அது மேலானது என்று அது சொல்கிறது. அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எட்டு இனங்களையும் பட்டியலிடுகிறது: நிபுணரின் தகுதி, நம்பிய நூல்களும் ஆவணங்களும், ஆராயச் சொன்ன கேள்விகளும் கருத்தின் அடிப்படையும், சோதனைகளைச் செய்தவர் யார், அது நிபுணரின் மேற்பார்வையில் நடந்ததா என்பது, கருத்து வேறுபாடு இருந்தால் அதன் வீச்சும் தன் கருத்துக்கான காரணமும், முடிவுகளின் சுருக்கம், கருத்து சரியென்று தான் நம்புவதாக ஓர் அறிவிப்பு, தன் கடமை நீதிமன்றத்துக்கே என்று புரிந்திருப்பதாக இன்னோர் அறிவிப்பு. அறிக்கையைப் பிரமாணப் பத்திரத்தோடு இணைத்து, முழுப் பொறுப்பும் என்னுடையது என்று சத்தியம் செய்து தர வேண்டும்.

நிபுணருக்கு மட்டும் கருத்து சொல்லும் சலுகை ஏன் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மற்ற சாட்சிகள் கண்டதையும் கேட்டதையும்தான் சொல்லலாம்; “எனக்கு இப்படித் தோன்றுகிறது” என்று சொல்ல அவர்களுக்கு உரிமையில்லை. இங்கிலாந்தில் வெல்ஸ் என்ற துறைமுகத்தில் மணல் தூர்ந்தது. கடல்நீர் புகாமல் ஒருவர் கட்டிய கரைதான் அதற்குக் காரணமா என்பது 1782இல் வந்த வழக்கு. கலங்கரை விளக்கமும் துறைமுகங்களும் கட்டிய ஜான் ஸ்மீட்டன் சாட்சி சொல்ல வந்தார். வெறும் அபிப்பிராயம் என்று விசாரணையில் தள்ளப்பட்ட அவர் சாட்சியத்தை, மான்ஸ்ஃபீல்டு பிரபு ஏற்கத்தக்கது என்றார். மறுக்கப்படாத உண்மைகளிலிருந்து, அந்தத் துறையை அறிந்தவர் பெறும் முடிவு அது என்பதே அவர் சொன்ன காரணம். நம் 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணர் கருத்தை ஏற்பதும், 51ஆம் பிரிவு அந்தக் கருத்தின் காரணங்களையும் விசாரணைக்கு உரியதாக்குவதும் இந்த மரபில் வந்தவைதான். உண்மை முதலில், கருத்து பிறகு. இரண்டுக்கும் நடுவே உள்ள கோடு அழிந்தால், பொறியாளருக்குத் தந்த சலுகைக்கு அடிப்படையே இல்லாமல் போகிறது.

கேள்வியைத் திருத்துவது

எனவே முதல் வேலை கடிதத்துக்குப் பதில் எழுதுவது. “உறுதிப்படுத்தவும்” என்பது கேள்வியல்ல, விடை. நான் வழக்கறிஞருக்கு நான்கு கேள்விகளை எழுதி அனுப்பி, இவற்றை என்னிடம் கேட்கச் சொன்னேன். வீட்டில் என்ன சேதம், எவ்வளவு? அது எப்போது ஏற்பட்டது என்று சொல்ல முடியுமா? ஒவ்வொரு விரிசலுக்கும் இருக்கக்கூடிய காரணங்கள் எவை, அவற்றில் எது அதிக வாய்ப்புள்ளது? எப்படிச் சரிசெய்வது?

முதல் கடிதத்தையும் நான் மறைப்பதில்லை. எனக்குத் தந்த பணிப்பு எது, பின்னர் எப்படித் திருத்தப்பட்டது என்பதை அறிக்கையின் முதல் பகுதியிலேயே எழுதிவிடுவேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒருநாள் கேட்கத்தான் போகிறார். அப்போது நான் சொல்வதைவிட, முன்பே நான் எழுதியிருப்பதை அவர் படிப்பது நல்லது.

நான் ஏற்க மறுத்த கேள்வி ஒன்றும் உண்டு: “ஒப்பந்தக்காரர் கவனக்குறைவாக நடந்தாரா?” காரணத்தைச் சொல்வது என் வேலை. அந்த அளவு ஆழத்தில் தோண்டும்போது தேர்ந்த பொறியாளர் வழக்கமாக என்ன முன்னெச்சரிக்கை எடுப்பார் என்றும் சொல்லலாம். கவனக்குறைவு என்பது சட்டத்தின் முடிவு. அதை நீதிபதி சொல்ல வேண்டும்.

மூன்று பெட்டிகள்

அடுத்தது உண்மைகள். நான் அவற்றை மூன்று பெட்டிகளில் போடுவேன். நான் நேரில் கண்டும் அளந்தும் அறிந்தவை முதல் பெட்டி. பிறர் செய்த ஆவணங்களில் படித்தவை இரண்டாவது. வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை மூன்றாவது.

முதல் பெட்டியில் வருபவை: வீட்டில் 17 விரிசல்கள். ஒவ்வொன்றுக்கும் எண், இடம், நிழற்படம், விரிசல் அளவுகோலில் மேல், நடு, கீழ் என மூன்று இடத்து அகலம். மிக அகலமானது முன்சுவரில், மேலே 6 மில்லிமீட்டர், கீழே 2. முன்சுவரின் நீளம் 6 மீட்டர். அதில் ஒரே செங்கல் வரிசையை இரு முனையிலும் மட்டக்கருவியால் பார்த்தபோது தோண்டிய பக்கம் 22 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. விரிசலின் மேல் ஒட்டிய டெல்-டேல் தகடுகளை 8 வாரம் கவனித்ததில் அசைவு இல்லை.

இரண்டாவது பெட்டியில் உள்ளவை: வேலை தொடங்குமுன் ஒப்பந்தக்காரர் தரப்பு எடுத்த வீட்டு நிலைப் பதிவு. தளத்தில் எல்லாரும் ‘டைலாபிடேஷன் ரிப்போர்ட்’ என்று சொல்வது இதைத்தான். பிறகு மண் ஆய்வுத் துளைகளின் பதிவு. அது மேலே நிரப்பு மண்ணும், அதன் கீழே 4 மீட்டர் மிருதுவான களிமண்ணும் காட்டியது. நிலத்தடி நீர்மட்டக் குழாயின் வாராந்திர அளவும் இருந்தது. நீர்மட்டம் தரையிலிருந்து 1.5 மீட்டர் ஆழத்திலிருந்து, தோண்டும் காலத்தில் 3.5 மீட்டருக்கு இறங்கியது. இவற்றை நான் அளக்கவில்லை, என் மேற்பார்வையிலும் அளக்கவில்லை. யார் அளந்தார்கள் என்று பெயரோடு எழுதியாக வேண்டும். விதியே அதைக் கேட்கிறது.

மூன்றாவது பெட்டியில் ஒரே ஒரு வாக்கியம்: “குழி தோண்டுறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு விரிசலும் இல்ல.” அம்மா சொன்னது இது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது பெட்டியில் இருந்த நிலைப் பதிவின் நிழற்படங்களில் பின்பக்கச் சமையலறையில் மூன்று விரிசல்கள் தெரிந்தன. நாள்தோறும் பார்க்கும் சுவரில் மெல்ல வந்த விரிசல் கண்ணில் படுவதில்லை. சேதம் பெரிதானபின்தான் எல்லாவற்றையும் பார்க்கிறோம். அம்மா சொன்னதை மட்டும் நம்பி, “முன்பு விரிசல் இல்லை” என்று உண்மைபோல் நான் எழுதியிருந்தால், அந்த மூன்று படங்களே அறிக்கை முழுவதையும் கவிழ்த்திருக்கும். மீதி 14 விரிசல்களைப் பற்றி நான் சரியாகச் சொன்னதும் சேர்ந்து போயிருக்கும்.

சுவர் சொல்லும் கதை

இனி முறை. விரிசலைத் தனித்தனியாகப் பார்க்காமல் குடும்பம் குடும்பமாகப் பிரிக்க வேண்டும்.

சமையலறையில் ஐந்து விரிசல்கள். ஐந்தும் பழைய வீடும் பின்னால் நீட்டிக் கட்டிய பகுதியும் சேரும் கோட்டில் செங்குத்தாக ஓடுகின்றன. கோலாலம்பூரில் பின்பக்கம் நீட்டிக் கட்டாத வரிசை வீட்டைக் காண்பது அரிது. நீட்டிய பகுதி பெரும்பாலும் ஆழமில்லாத அடித்தளத்திலோ பாக்காவ் மரக்கழிகளின் மேலோ நிற்கும். பழைய வீடு தன் போக்கில் அமர்ந்து முடிந்திருக்க, புதிது தனியாக அமரும். சேரும் இடம் பிளக்கும். பக்கத்தில் யாரும் தோண்டாவிட்டாலும் இது நடக்கும். மூன்றின் படம் பழைய பதிவிலேயே இருக்கிறது. மற்ற இரண்டும் அதே இடம், அதே வடிவம்.

முன்சுவரிலும் நடுச்சுவரிலும் எட்டு விரிசல்கள். சாய்வாக ஓடுபவை, மேலே அகன்று கீழே குறுகியவை. சுவரின் ஒரு முனை கீழே இறங்கினால், சுவர் அந்தப் பக்கம் வளைந்து மேல்விளிம்பு இழுபடும்; செங்கல் இழுப்பைத் தாங்காது, மேலிருந்து பிளக்கும். எட்டும் தோண்டலுக்குச் செங்குத்தாக உள்ள சுவர்களில் மட்டுமே இருக்கின்றன. தோண்டலுக்கு நெருங்கிய இடத்தில் அகலம் கூடுதல், தள்ளிப்போகப் போகக் குறைவு. பழைய பதிவின் படங்களில் அதே சுவர்கள் முழுதாகத் தெரிகின்றன. ஒரு விரிசலும் இல்லை. மட்டக்கருவி காட்டிய சாய்வும் அதே திசையில்.

மீதி நான்கும் பூச்சில் மட்டும் வலைபோல் ஓடும் மயிரிழைகள். பூச்சு காய்ந்து சுருங்கியதால் வந்திருக்கலாம், சுவர் அசைந்ததாலும் வந்திருக்கலாம்.

எட்டு விரிசல்களுக்குத் தோண்டல் காரணமாக இருக்க முடியுமா என்று பார்க்க ஒரு சிறு கணக்கு போட்டேன். நிலத்தடி நீர் 2 மீட்டர் இறங்கினால், நீர் தாங்கிய எடையை மண் துகள்கள் தாங்க வேண்டிவரும். களிமண்ணின் மேல் ஏறும் கூடுதல் அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல். மிருதுவான களிமண் ஒவ்வொரு கிலோபாஸ்கலுக்கும் தன் தடிமனில் எவ்வளவு அமுங்கும் என்பது அதன் அமுங்குதன்மை. ஆய்வுகூட முடிவுகளின்படி அது 0.0003க்கும் 0.0008க்கும் இடையில். மூன்றையும் பெருக்கினால்:

```
0.0003 × 20 × 4 = 0.024 மீ = 24 மிமீ
0.0008 × 20 × 4 = 0.064 மீ = 64 மிமீ
```

அந்த நிலம் 24 முதல் 64 மில்லிமீட்டர் வரை அமரக்கூடியது. சுவரின் இரு முனைக்கும் நான் கண்ட வேறுபாடு 22. தோண்டிய பக்கம் கூடுதலாகவும் மறுபக்கம் குறைவாகவும் அமர்ந்திருந்தால் இந்த அளவு வேறுபாடு வரும். எனவே சொல்லப்படும் காரணம் அளவிலும் பொருந்துகிறது.

எல்லை எங்கே

பலர் அறிக்கையை இங்கே முடித்துக் கையெழுத்து போடுவார்கள். நான் மிகுந்த நேரம் செலவிடுவது இதற்குப் பிறகுதான். மேலே சொன்ன ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் என்ன தாங்கல் இல்லை என்று பார்ப்பேன்.

செங்கல் வரிசை கட்டும்போதே மட்டமாக இருந்ததா? தெரியாது. கொத்தனார் கட்டிய பழைய சுவரில் 6 மீட்டருக்கு 8 மில்லிமீட்டர் பிசகு அதே பக்கமாகவே இருந்திருக்கலாம். அப்படியானால் உண்மையில் இறங்கியது 14ஆகவும் இருக்கலாம், 22ஆகவும் இருக்கலாம். எனவே அறிக்கையில் “22” என்று அடித்துச் சொல்லாமல், “14 முதல் 22 வரை” என்று எழுதுகிறேன்.

நீர்மட்டக் குழாய் இருந்தது குழியின் மறுபக்கம், வீட்டுப் பக்கத்தில் இல்லை. வீட்டின் கீழும் நீர் 2 மீட்டர் இறங்கியது என்பது என் அனுமானம். நான் அறிந்த உண்மை அல்ல. 1 மீட்டர்தான் இறங்கியிருந்தால் கணக்கில் வரும் அமர்வு பாதியாகும், 12 முதல் 32 வரை. அப்போதும் நான் கண்டதற்கு ஒவ்வாத அளவல்ல. அரை மீட்டருக்கும் குறைவாக இறங்கியிருந்தால் என் கருத்து ஆட்டம் காணும். இதையும் எழுத வேண்டும்: எந்த உண்மை மாறினால் என் கருத்து மாறும் என்று.

களிமண் உடனே அமராது. நீர் வெளியேற மாதங்களும் ஆண்டுகளும் ஆகலாம். நான் போட்டது முழு அமர்வின் கணக்கு. தகடுகள் 8 வாரம் அசையவில்லை என்பதால் அமர்வு முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. அந்த 8 வாரத்தில் அளக்கும் அளவுக்கு இல்லை என்று மட்டும் சொல்லலாம்.

பிற காரணங்களையும் பார்த்தாக வேண்டும். வேர் பரப்பும் பெரிய மரம் அருகில் இல்லை; அதைத் தள்ளிவிடலாம். கோலாலம்பூரின் பல பகுதிகளில் மண்ணுக்கு அடியில் சுண்ணாம்புப் பாறை. நிலத்தடி நீர் இறங்கும்போது பாறைக் குழிவுகளின் மேலுள்ள மண் திடீரென்று இறங்கிப்போவது உண்டு. ஆனால் அது திடீர்ப் பள்ளமாகத் தெரியும்; இந்த வீட்டில் சரிவு சீராக இருக்கிறது. தரைக்கு அடியில் கழிவுக் குழாய் ஒழுகி மண்ணை அரித்ததா? குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கவில்லை. எனவே அதை நான் தள்ளிவிட முடியாது. விரிசலின் அமைப்புக்கு அது பொருந்தவில்லை, ஆனால் சோதித்து நீக்கப்படவில்லை என்று எழுதுகிறேன்.

இவ்வளவும் எழுதியபின் முடிவு இப்படி அமைந்தது: 17இல் 5 விரிசல்கள் தோண்டலோடு தொடர்பில்லாதவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். 8 விரிசல்கள் தோண்டலால் நிலத்தடி நீர் இறங்கிக் களிமண் அமர்ந்ததால் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். 4 விரிசல்களைப் பற்றி எனக்கு உள்ள தகவலைக் கொண்டு எதுவும் சொல்ல இயலாது. சிவில் வழக்குக்கு ‘வாய்ப்பு அதிகமா’ என்பதே அளவுகோல். ஐயத்துக்கு இடமின்றி என்று நான் மார்தட்டத் தேவையில்லை. மார்தட்டினால் அது உண்மையுமல்ல.

வழக்கறிஞர் படித்துவிட்டு, “அந்த அஞ்சையும் நாலையும் எடுத்துடலாமா சார்? நமக்கு எதிரா இருக்கே” என்று கேட்டார். எழுத்துப் பிழையைத் திருத்தச் சொல்லலாம். விளங்காத இடத்தை விளக்கச் சொல்லலாம். கருத்தை எடுக்கச் சொல்ல முடியாது. அந்த ஒன்பதும் அறிக்கையில் இருப்பதால்தான் மற்ற எட்டையும் நீதிபதி நம்புவார் என்று சொன்னேன்.

நீதிமன்றம் இரு தரப்பு நிபுணர்களையும் ஒன்றாக உட்கார்ந்து பேசச் சொல்லவும் 40ஏ கட்டளை இடம் தருகிறது. இப்படிப் பெட்டி பிரித்து எழுதிய அறிக்கையின் பயன் அங்கே தெரியும். விரிசல் எண்ணிக்கையிலும் அகலத்திலும் சண்டை இல்லை. களிமண்ணின் தடிமனிலும் இல்லை. மிச்சமிருப்பது ஒரே கேள்வி: வீட்டின் கீழ் நீர் எவ்வளவு இறங்கியது? பல நாள் விசாரணை அந்த ஒரு கேள்விக்குச் சுருங்கிவிடும்.

சரிவு எங்கே தொடங்கியது?

சிறு வீட்டு வழக்கில் இத்தனை நுணுக்கம் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஹைலண்ட் டவர்ஸ் வழக்கை நினைவூட்டுகிறேன். செந்தூலிலிருந்து சிறிது தொலைவில், உலு கிள்ளானில் இருந்த மூன்று 12 மாடிக் கட்டடங்களில் ஒன்று 1993 டிசம்பர் 11ஆம் நாள் சாய்ந்து விழுந்தது. 48 பேர் இறந்தனர். மற்ற இரு கட்டடங்களில் வீடு வைத்திருந்தவர்கள் வழக்குத் தொடுத்தனர். கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங் 2000 ஆகஸ்ட் மாதம் தீர்ப்பளித்தார்.

“நிலச்சரிவால் விழுந்தது” என்ற ஒற்றை வரி அந்த வழக்கில் யாருக்கும் பயன்பட்டிருக்காது. பின்னாலிருந்த மலைச்சரிவு ஒருவர் கையில் இல்லை. வெவ்வேறு நிலம், வெவ்வேறு உரிமையாளர், வெவ்வேறு காலத்துத் தடுப்புச் சுவர்கள், திருப்பிவிடப்பட்ட நீரோடை. சரிவு எங்கே தொடங்கி எந்தத் திசையில் பரவியது என்பதைப் பொறுத்தே பொறுப்பு யாருடையது என்பது மாறும். ஆய்வுக்குரிய மலையோ ஏற்கெனவே சரிந்து போயிருந்தது. எஞ்சிய தடயத்திலிருந்தும் படங்களிலிருந்தும் வரைபடங்களிலிருந்தும்தான் நிபுணர்கள் பேச வேண்டியிருந்தது. இரண்டாம் அடுக்குக் கார் நிறுத்துமிடத்தின் பின்னாலிருந்த உயரமான தடுப்புச் சுவரில் தொடங்கி, வட்டமாகச் சுழன்று, படிப்படியாக மேல்நோக்கிப் பின்வாங்கிய சரிவு அது என்று நீதிபதி கண்டார்.

கட்டடம் நின்றது ரயில் தண்டவாளங்களாலான முளைகளின் மேல். ரயில் பட்டறையின் நிழலில் வளர்ந்த செந்தூல்காரர்களுக்குத் தண்டவாளத்தின் வலிமையைச் சொல்லித் தர வேண்டாம். மேலிருந்து வரும் பாரத்தை அது தாங்கும். மண் பக்கவாட்டில் தள்ளும்போது நிலைமை வேறு. அடித்தளம் வகுத்த பொறியாளர் தன் கட்டடத்தை மட்டும் பார்த்தால் போதாது, பின்னாலிருந்த சரிவையும் பார்த்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம். அவருக்கு 10 விழுக்காடு பொறுப்பு. மேம்பாட்டாளர், வரைவாளர், உள்ளூராட்சி, பக்கத்து நிலங்களின் உரிமையாளர்கள் என மற்றவர்களுக்கும் பங்கு பிரிக்கப்பட்டது. உள்ளூராட்சியின் பொறுப்பை 2006இல் கூட்டரசு நீதிமன்றம் நீக்கியது.

இத்தனை பங்குகளும் நிற்பது ஒரே ஓர் இடத்தில்: சரிவு தொடங்கிய சுவர். எந்த உண்மையின் மேல் தன் கருத்து நிற்கிறது என்று காட்டாத நிபுணரால் அந்தச் சுவரை நீதிபதிக்குக் காட்டியிருக்க முடியாது.

விதியில் சேர்க்க வேண்டியவை

40ஏ கட்டளையின் எட்டு இனங்களை மீண்டும் படியுங்கள். கேள்வியைக் கேட்கிறது, அடிப்படையைக் கேட்கிறது, சோதனை செய்தவரைக் கேட்கிறது. ஆனால் இரண்டை நேராகக் கேட்கவில்லை. அறிக்கையில் உள்ள உண்மைகளில் எவை நிபுணர் தாமே அறிந்தவை, எவை பிறர் சொன்னவை என்று பிரித்துக் காட்டச் சொல்லவில்லை. கருத்துக்கு நிபந்தனையோ வரம்போ இருந்தால் அதை எழுதச் சொல்லவில்லை. இங்கிலாந்தின் சிவில் நடைமுறை விதிகளில் 35ஆம் பகுதிக்கான நடைமுறைக் குறிப்பு இரண்டையும் வெளிப்படையாகக் கேட்கிறது. நம் விதியில் ஒன்பதாவதாகவும் பத்தாவதாகவும் இவை சேர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படையைச் சொல்லச் சொன்னாலே இவையும் அடங்கிவிடாதா என்று சில வழக்கறிஞர்கள் கேட்கிறார்கள். நல்ல நிபுணரிடம் அடங்கும். அவசரமாக எழுதுபவரிடமும், கட்சிக்காரரின் மனம் நோகக்கூடாது என்று எழுதுபவரிடமும் அடங்காது. “வீட்டு உரிமையாளரின் கூற்றுப்படி” என்ற மூன்று சொற்கள் விடுபட்ட அறிக்கைகளை நான் எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தச் சொற்கள் இல்லாவிட்டால், சொன்னது கண்டதாகிவிடுகிறது. வரம்புகளை எழுதினால் எதிர்த்தரப்புக்கு ஆயுதம் கொடுத்ததாகும் என்ற அச்சமும் உண்டு. எதிர்த்தரப்பிலும் ஒரு பொறியாளர் இருக்கிறார். நீர்மட்டக் குழாய் மறுபக்கம் இருந்தது அவருக்கும் தெரியும். நான் எழுதினால் அது என் நேர்மை. குறுக்கு விசாரணையில் அவர் தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் அது என் மறைப்பு.

விதி மாறக் காத்திருக்கவும் தேவையில்லை. பொறியாளர்கள் இன்றே இந்த இரண்டு தலைப்புகளையும் போடலாம். வழக்கறிஞர்கள் பணிப்புக் கடிதத்திலேயே கேட்கலாம். வழக்குக்குப் போக நினைக்கும் வீட்டுக்காரர்கள் ஒன்று செய்யலாம்: பக்கத்து மனையில் வேலி அடைக்கத் தொடங்கிய அன்றே, ஒவ்வொரு சுவரையும் அளவுகோல் ஒன்றை ஒட்டிவைத்துத் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். ஒப்பந்தக்காரர் தரப்பு எடுக்கும் நிலைப் பதிவின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பின்னாளில் அது உங்கள் சொல்லை முதல் பெட்டிக்கு அருகே கொண்டுவரும்.

அறிக்கையை அந்த அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சமையலறை ஐந்தையும் கேட்டபோது முகம் சுருங்கியது. “அப்போ நான் பொய் சொன்னேன்னு எழுதிட்டீங்களா?” என்றார். இல்லை அம்மா, நீங்கள் சொன்னதை உங்கள் பெயரிலும், படத்தில் கண்டதைப் படத்தின் பெயரிலும், நான் அளந்ததை என் பெயரிலும் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் முன்சுவரின் பெரிய விரிசலைக் காட்டி, “அது?” என்றார். அது எண் 9. என் பெயரில் இருக்கிறது. ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் சத்தியம் செய்து அதைச் சொல்வேன் என்றேன்.

*கட்டுரையாளர் செந்தூலைச் சேர்ந்த நிலப்பொறியியல் ஆலோசகர்.*